டைமிங் பெல்ட்டா, செயினா? பழைய கார் வாங்கியதும் பாருங்கள்

பழைய கார் வாங்கினால், என்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்று முதலில் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பெல்ட் என்பது உள்ளே இழை வைத்துப் பலப்படுத்திய ரப்பர். சத்தமில்லாமல் ஓடும், பெரும்பாலும் சத்தமில்லாமலே அறுந்தும் போகும். பல என்ஜின்களில் 1,00,000 கிலோமீட்டரையொட்டி மாற்றச் சொல்லியிருப்பார்கள். வண்டி அவ்வளவு ஓடாவிட்டாலும், சொன்ன ஆண்டுக் கெடு முடிந்தால் மாற்றிவிடுங்கள். ரப்பர் சும்மா நின்றாலும் வெடிப்பு விடும்.

செயின் எஃகு. என்ஜின் ஆயிலில் நனைந்து ஓடுவதால் என்ஜின் உள்ளவரை உழைக்கக்கூடும். ஆனால் ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் கண்ணிகள் தேய்ந்து செயின் நீளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி 'கடகட' என்று கேட்டு அடங்குகிறதா? செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இந்த முன்னெச்சரிக்கை பெல்ட்டில் கிடைக்காது.

எது அறுந்தாலும், அது சுழற்றும் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, நின்றுவிடும். பல என்ஜின்களில் மேலே வரும் பிஸ்டன், திறந்து நிற்கும் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். ஓடும்போது என்ஜின் சட்டென்று நின்று, அப்புறம் சாவியைத் திருப்பினால் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறதா? மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் சில வால்வுகள் போகலாம். வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.