வரவேற்புப் பதிவில் ஆளைப் பற்றியா, வேலையைப் பற்றியா?

டர்பன் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு கிளியரிங் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதி ஆவணங்களைக் கவனிக்க ஒரு பெண் திங்கட்கிழமை வேலைக்குச் சேருகிறார். மத்தியானத்துக்குள் கம்பெனிப் பக்கத்தில் படத்தோடு பதிவு வந்துவிடுகிறது:

"எங்கள் குடும்பத்தின் புதுச் செல்லம்! சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த தமிழ்ப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பவர். வரவேற்போம்!"

அன்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எதற்கு இவரைக் கூப்பிடலாம் என்பது மட்டும் வாடிக்கையாளருக்குத் தெரியவில்லை. வளர்ந்த பேட்டை, பிள்ளைகள், சாமி நம்பிக்கை எல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது. 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கும் 'போப்பியா', அதாவது தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், மதத்தையும் இனத்தையும் தனிக் கவனம் தேவைப்படும் தகவல்களாக வைத்திருக்கிறது. பாராட்டாகச் சொன்னாலும் அவை அந்தத் தகவல்கள்தான்.

படத்தில் இன்னொரு தவறு நடக்கிறது. நுழைவு அட்டைக்கென்று எடுத்த படத்தையே பதிவிலும் போட்டுவிடுகிறார்கள். அட்டைக்குக் கொடுத்த சம்மதம் அட்டைக்கு மட்டும்தான். பதிவுக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

கேட்கிற விதமும் முக்கியம். முதல் நாள், மேனேஜர் பக்கத்தில் நிற்க, "போட்டுடலாம்தானே?" என்றால் யார் மறுப்பார்கள்? அந்தச் சட்டம் சொல்லும் சம்மதம், விஷயம் தெரிந்து, இன்னதற்கு என்று, மனமுவந்து கொடுப்பது. அதனால் எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, எந்தப் படம், பெயரை எப்படி எழுதுவது, அவருடைய சமூக ஊடகக் கணக்கை இணைக்கலாமா, எந்தெந்தப் பக்கங்களில் வரும், எப்போது போடலாம் என்று கேளுங்கள். பழைய கம்பெனியில் கணக்கு முடியும்வரை பொறுக்கச் சொல்பவர்கள் உண்டு. படம் வேண்டாம் என்றாலும் வரவேற்பு உண்டு என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பதில் சொல்ல இரண்டு நாள் கொடுங்கள்.

அதே பதிவை நான் இப்படி எழுதுவேன்:

"எங்கள் இறக்குமதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார் (பெயர்). சரக்கு வருமுன் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து, சுங்கப் பதிவுக்குத் தயார் செய்வது இவர் பொறுப்பு. ஆவணங்களில் சந்தேகம் இருந்தால் இறக்குமதிப் பிரிவின் எண்ணில் இவரைக் கேளுங்கள். வாருங்கள், (பெயர்)!"

பதவிப் பெயரை மட்டும் போட்டால் வெளியாருக்கு ஒன்றும் விளங்காது. செய்கிற வேலையைச் சொன்னால்தான் அவருக்கும் மதிப்பு. அதற்காக "இனி கன்டெய்னர் தேங்கவே தேங்காது" என்று எழுதிவிடாதீர்கள். துறைமுகத்தில் காற்று அடித்து கிரேன் நின்றாலும் கேள்வி இவரிடம்தான் வரும். அவருடைய சொந்தக் கைபேசி எண்ணும் வேண்டாம்.

கொடுத்த சம்மதத்தை அவர் பிறகு திரும்பப் பெறலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கம்பெனிப் பக்கத்தில் இருப்பதை அன்றே நீக்கிவிடலாம். வாடிக்கையாளர் குரூப்புகளுக்குப் போன படத்தைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே படத்தைப் பக்கத்தில் மட்டும் வைத்து, குரூப்புகளுக்கு அதன் லிங்கை மட்டும் அனுப்புங்கள்.