அடாக்டிக் என்றால் பாதிக்குப் பாதி அல்ல: தனி உறுப்புப் பலபடியாக்கலில் சறுக்கும் இடங்கள்

CH₂=CHX வகை ஆல்கீனிலிருந்து உருவாகும் பலபடியில் X தொகுதிகள் எப்படி நிற்கும் என்று கேட்டால், மூன்று படங்கள் சட்டென வந்துவிடும். எல்லாம் ஒரே பக்கம் நின்றால் ஐசோடாக்டிக், மாறி மாறி நின்றால் சின்டியோடாக்டிக், ஒழுங்கு இல்லையென்றால் அடாக்டிக். படங்களில் குறை இல்லை. அந்தப் பக்கம் எப்போது, எதனால் முடிவாகிறது என்று கேட்கும்போதுதான் தவறுகள் வெளிப்படுகின்றன.

அடிக்கடி காண்பது இது: "முதுகெலும்பில் இருப்பவை ஒற்றைப் பிணைப்புகள், அவை சுழலும், எனவே ஒரு X-ஐ மறுபக்கம் திருப்பலாம்." ஒரு பிணைப்பைச் சுழற்றினால் X மட்டும் திரும்பாது, அதற்குப் பின்னால் உள்ள சங்கிலியும் சேர்ந்து திரும்பும். சங்கிலியை மறுபடி நீட்டி வளைநெளிவாக வைத்துப் பாருங்கள், X பழைய பக்கத்திலேயே இருக்கும். பக்கத்தை மாற்ற ஒரு பிணைப்பை உடைத்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் அடாக்டிக் பாலிஸ்டைரீனை எவ்வளவு நேரம் சூடாக்கி மெதுவாகக் குளிரவைத்தாலும் அது ஐசோடாக்டிக் ஆகிப் படிகமாவதில்லை.

இன்னொரு நுணுக்கம் பல பாடக்குறிப்புகளில் விடுபட்டுப்போகிறது. தனி உறுப்பு என்பது இணையாத எலக்ட்ரான் தாங்கிய துகள். இந்த வழியில் வளரும் சங்கிலியின் முனையில் இருப்பது X தாங்கிய கார்பன். இணையாத எலக்ட்ரான் அதன்மேல்தான் இருக்கிறது. அந்தக் கார்பன் ஏறக்குறைய தட்டையானது, அதை அடுத்துள்ள பிணைப்பும் சுழன்றுகொண்டே இருக்கும். ஆகவே முனையில் உள்ள X-க்கு இன்னும் நிலையான பக்கம் கிடையாது. அடுத்த மோனோமரின் CH₂ முனை அந்தத் தட்டையின் எந்த முகத்தில் வந்து ஒட்டுகிறதோ, அப்போதுதான் அது உறைகிறது. புதிதாக வரும் மோனோமர் தனக்கு முந்தையதன் பக்கத்தை நிர்ணயிக்கிறது, தன்னுடையதை அல்ல. "மோனோமர் இடமாகவோ வலமாகவோ திரும்பி வந்து சேர்கிறது" என்று எழுதுவோர் இந்த ஒரு படியைத் தவறவிடுகிறார்கள்.

வினையூக்கி எதுவும் முனையைப் பிடித்து வைத்திருப்பதில்லை. முகத்தைத் தேர்வதில் செல்வாக்கு செலுத்துவது அருகிலுள்ள தொகுதிகளின் நெருக்கடி மட்டுமே. "ஆகவே இரண்டு பக்கத்துக்கும் சம வாய்ப்பு, அதுவே அடாக்டிக்" என்று இங்கே முடித்துவிடுகிறார்கள். நெருக்கடி இருக்கிறது என்றால் வாய்ப்பு சமமாக இருக்காதே!

மெத்தில் மெத்தாக்ரிலேட்டை எடுத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து அலகுகள் ஒரே பக்கம் நின்றால் m, எதிரெதிர் பக்கம் நின்றால் r என்று குறிப்பது வழக்கம். சுமார் 60 டிகிரி செல்சியஸில் தனி உறுப்பு வழியில் இதைப் பலபடியாக்கினால் m வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 0.2, r-க்கு 0.8. ஒவ்வொரு சேர்க்கையும் முந்தையதைச் சாராமல் நடக்கிறது என்று கொண்டால், மூன்று அலகுகளை ஒருசேரப் பார்க்கையில் mm 0.2 × 0.2 = 4 சதவீதம், mr 2 × 0.2 × 0.8 = 32 சதவீதம், rr 0.8 × 0.8 = 64 சதவீதம். என்.எம்.ஆர். அலைமாலையில் ஆல்ஃபா மெத்தில் தொகுதிக்குத் தெரியும் மூன்று முகடுகளின் பரப்பும் இதை ஒட்டியே அமையும். முழுச் சமவாய்ப்பு என்றால் 25, 50, 25 வந்திருக்க வேண்டும். நடைமுறையில் இதை அடாக்டிக் என்றே சொல்கிறோம், சொல்லலாம். ஆனால் உள்ளுக்குள் அது சின்டியோடாக்டிக் பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. வெப்பநிலையைக் குறைத்தால் சாய்வு இன்னும் கூடும்.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். எத்திலீன், ஐசோபியூட்டிலீன் போன்றவற்றில் ஒரு கார்பனில் உள்ள இரு தொகுதிகளும் ஒன்றே என்பதால் அவற்றின் பலபடிகளுக்கு எது எந்தப் பக்கம் என்ற டாக்டிசிட்டிக் கேள்வியே எழாது. தலை-வால் இணைப்பு என்பது எந்தக் கார்பன் எதோடு சேர்கிறது என்பது. டாக்டிசிட்டி அதற்கு அப்புறம் வரும் வேறொரு கேள்வி. ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை எழுதக் கூடாது.

புரோப்பிலீனுக்கும் பெராக்சைடு போட்டு அடாக்டிக் பாலிபுரோப்பிலீன் வரைபவர்கள் உண்டு. அது தாளில்தான் நடக்கும். வளரும் தனி உறுப்பு இரட்டைப் பிணைப்பில் சேர்வதோடு பக்கத்து CH₃-இலிருந்து ஹைட்ரஜனையும் பறித்துவிடும். அப்போது பிறக்கும் அல்லைல் தனி உறுப்பு உடனிசைவால் நிலைத்தன்மை பெற்றுச் சோம்பிக் கிடக்கும், புதுச் சங்கிலியைத் தொடங்காது. கிடைப்பது சிறு சங்கிலிகள்தாம்.

இந்தப் பறிப்புதான் சங்கிலி மாற்றம். இதைச் சங்கிலி முடிவோடு குழப்புவது பெரிய தவறு. முடிவில் இரண்டு தனி உறுப்புகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. மாற்றத்தில் ஒரு சங்கிலி நின்றாலும் எலக்ட்ரான் வேறோரிடத்தில் உயிரோடு இருக்கிறது. எங்கே போனது என்பதைப் பொறுத்தே விளைவு அமையும்.

ஒரு லட்சம் மோனோமர்கள் 100 சங்கிலிகளாக வளர்ந்தன என்றால் சராசரி நீளம் 1000. இடையில் 100 முறை எலக்ட்ரான் ஒரு தயோலுக்கு மாறி, அங்கிருந்து புதுச் சங்கிலிகள் தொடங்கினால் மொத்தம் 200 சங்கிலிகள், சராசரி 500. கிளை எதுவும் இல்லை. அதே 100 முறையும் ஏற்கெனவே முடிந்துபோன பலபடிச் சங்கிலிகளின் நடுவே மாறியிருந்தால்? நின்ற ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒரு பழைய சங்கிலி மறுபடி வளர்கிறது. மூலக்கூறுகள் 100-தான், எண்ணிக்கைச் சராசரி 1000-தான். ஆனால் சில சங்கிலிகள் கிளைவிட்டுப் பருத்திருக்கும், எனவே பெரிய மூலக்கூறுகளுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் எடைச் சராசரி ஏறும். "சங்கிலி மாற்றம் மூலக்கூறு எடையைக் குறைக்கும்" என்ற ஒற்றை வரி விடை பாதி உண்மைதான்.

வினைல் அசிட்டேட்டில் கிளை பெரும்பாலும் முதுகெலும்பில் தொடங்குவதில்லை, அசிட்டேட்டின் CH₃-இல் தொடங்குகிறது. அப்படியானால் கிளையைத் தாங்குவது ஓர் எஸ்டர் பிணைப்பு. பாலிவினைல் ஆல்கஹாலாக மாற்ற எஸ்டர்களை வெட்டும்போது அந்தக் கிளைகளும் கழன்றுவிடும். கிடைத்ததை மறுபடி அசிட்டைல் ஏற்றி, முதலில் இருந்த பலபடியோடு மூலக்கூறு எடையை ஒப்பிட்டால் குறைவு தெரியும். மோனோமர் தீரத் தீர, பலபடி பெருகப் பெருக இக்கிளைகள் அதிகமாகும். ஆகவே வினையைப் பாதியில் நிறுத்துவது அவற்றைக் குறைக்கும் ஒரு வழி.

முதுகெலும்பிலேயே அமையும் குறுங்கிளைகளுக்கு உயர் அழுத்தப் பாலிஎத்திலீனைப் பார்க்க வேண்டும். அங்கே முனை தன் சங்கிலியையே திரும்பிக் கடிக்கிறது. முனைக் கார்பனை 1 என எண்ணினால் ஹைட்ரஜன் பறிபோவது 5-ஆம் கார்பனிலிருந்து. இடைநிலை வளையத்தில் ஐந்து கார்பனும் அந்த ஹைட்ரஜனுமாக ஆறு அணுக்கள். இந்த ஆறைப் பார்த்து ஹெக்சைல் என்றும், ஐந்தைப் பார்த்து பென்டைல் என்றும் எழுதிவிடுகிறார்கள். சங்கிலி இனி வளர்வது 5-ஆம் கார்பனிலிருந்து, அது முதுகெலும்பில் சேர்ந்துவிடுகிறது. வெளியே தொங்குவது 1 முதல் 4 வரை, அதாவது பியூட்டைல்.