பூ இல்லாத படத்தில் மணிப்ளாண்ட்டா, பிலோடென்ட்ரானா?

இதய வடிவ இலையோடு தொங்கும் கொடியின் படம் ஒன்றுதான் கையில் இருக்கிறது. பூவுக்குக் காத்திருக்க வேண்டாம். மணிப்ளாண்ட் வீட்டுக்குள் பூப்பதே அபூர்வம்.

பலரும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அதை நம்பாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் மணிப்ளாண்ட்டின் மஞ்சள் தீற்றல் மங்கி, வெறும் பச்சையாகிவிடும்.

படத்தைப் பெரிதாக்கி இலைக்காம்பைப் பாருங்கள். மேல்பக்கம் வாய்க்கால் மாதிரி நீளப் பள்ளம் ஓடினால் மணிப்ளாண்ட். காம்பு உருண்டு வழவழப்பாக இருந்தால் பிலோடென்ட்ரான் பக்கம் சாயலாம். அப்புறம் கொடியின் நுனி. பிலோடென்ட்ரானின் புது இலை மெல்லிய உறைக்குள் இருந்து வெளிவரும். அந்த உறை காய்ந்து பழுப்பாகக் கணுவில் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. மணிப்ளாண்ட்டில் அந்த உறை கிடையாது. ஆனால் உறை உதிர்ந்தும் போயிருக்கலாம், அதனால் அது இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

காம்பே தெரியாத படமா? சரி, இலை காம்போடு சேரும் அடிப்பகுதியைப் பாருங்கள். பிலோடென்ட்ரானில் இதயத்தின் மேல்வெட்டு ஆழமாக இறங்கும். மணிப்ளாண்ட்டில் அது ஆழமில்லாமல், இலையின் இரு பாதியும் கொஞ்சம் கோணலாக இருக்கும். இதை மட்டும் வைத்து நான் பந்தயம் கட்டமாட்டேன். கணு தெரிகிற மாதிரி இன்னொரு படம் கேட்பேன்.