அம்மாவுக்கு டிப்ரஷன்: அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் குழந்தைக்கு எதுவும் தெரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம். நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரையிலான பிள்ளைகள், தங்களைச் சுற்றி நடக்கிற எல்லாவற்றுக்கும் தாங்களே காரணம் என்று நம்பும் வயதில் இருக்கிறார்கள். அம்மா இரண்டு மாதமாகப் படுத்தே கிடக்கிறாள், பேசினால் அழுகிறாள் என்றால், அதற்கு ஒரு காரணத்தைக் குழந்தை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் 'நான்தான்' என்பதாக இருக்கும். அந்தக் காரணத்தை எடுத்துவிட்டு உண்மையானதை அங்கே வைப்பதுதான் இந்தப் பேச்சின் வேலை.

பள்ளிப் பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுவது என் தொழில். பெங்களூருவில் அல்சூர், விவேக் நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாகப் பார்க்கிற நிலைமையை எடுத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு டிப்ரஷன் என்று டாக்டர் சொல்லி, மாத்திரை தொடங்கியாயிற்று. அப்பா வேலைக்குப் போகிறார். ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கிறார். ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஆறு வயது மகள். பேசப்போவது அப்பா.

படி 1: முதலில் அம்மாவிடம் கேளுங்கள்

நோய் அவருடையது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம், டிப்ரஷன் என்ற பெயரையே சொல்லலாமா என்பதை அவரிடம் கேட்ட பிறகே குழந்தையிடம் போங்கள். பெயரைச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. பெயர் இல்லாவிட்டால் 'உடம்பு சரியில்லை' என்பதைப் பிள்ளை காய்ச்சலோடு சேர்த்துக்கொள்ளும். அப்புறம் அம்மா பக்கத்தில் படுத்தால் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்படும், தனக்குச் சளி பிடித்தாலும் பயப்படும்.

பேசும்போது அம்மாவால் பக்கத்தில் உட்கார முடிந்தால் போதும். அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. முடியாத நாளாக இருந்தால் அவரை இழுத்து உட்கார வைக்காதீர்கள்.

படி 2: பாட்டியோடு ஒரு பேச்சு

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் எவ்வளவு அழகாகச் சொன்னாலும், மறுநாள் மத்தியானம் பாட்டி 'நீ இப்படி அடம் பிடிச்சா அம்மாவுக்கு இன்னும் அதிகமாயிடும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் போச்சு. பாட்டி கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, பிள்ளையை அடக்க அவருக்குத் தெரிந்த வழி அது. திருஷ்டி கழிப்பதையோ கோயிலுக்கு நேர்ந்துகொள்வதையோ பற்றி அவரோடு வாதாட வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "அத்தை, நீங்க எது வேணா செய்ங்க. ஆனா அவளால அம்மாவுக்கு முடியலைன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

ஊருக்குப் போன் பேசும்போதும் கவனம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தூங்குகிற மாதிரி படுத்திருக்கும் பிள்ளை, பாதித் தகவலைக் கேட்டு மீதியைத் தானே இட்டுக்கட்டிக்கொள்ளும்.

படி 3: நேரமும் இடமும்

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம், தூங்கப்போகும் நேரத்திலும் வேண்டாம். இருட்டில் கேட்ட விஷயம் ராத்திரி முழுக்கக் குழந்தையின் தலைக்குள் ஓடும். விடுமுறை நாள் காலை நல்லது. எதிரெதிரே உட்கார வைத்து 'உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்' என்று ஆரம்பித்தால், என்ன தப்பு செய்தோம் என்றுதான் பிள்ளை யோசிக்கும். கைக்கு வேலை இருக்கட்டும். மார்கழி, தை மாதம் என்றால் அவரைக்காய் உரிக்கலாம். பெங்களூரு வீட்டில் அதைவிடத் தோதான வேலை கிடையாது: பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், முகம் பார்க்க வேண்டியதில்லை, சும்மா இருந்தாலும் சங்கடமாக இருக்காது. பத்து நிமிடம் போதும்.

பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று வளர்கிற பிள்ளையாக இருந்தால், எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழியில் பேசுங்கள்.

படி 4: சொல்வதற்கு முன் கேளுங்கள்

"அம்மா ஏன் இப்பல்லாம் படுத்தே இருக்காங்கன்னு நீ நினைக்கிற?"

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 'தெரியல' என்று வந்தால், "சில பிள்ளைங்க தன்னாலதான்னு நினைச்சுப்பாங்க. உனக்கு அப்படி எப்பவாவது தோணுச்சா?" என்று கேட்கலாம். நம் ஆறு வயதுக்காரி இப்படிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

"நான் தண்ணி பாட்டிலைத் தொலைச்சிட்டேன்ல. அன்னைக்குத்தான் அம்மா அழுதாங்க."

இந்த இடத்தில் சிரித்துவிடுவதும், 'சேச்சே, அதெல்லாம் இல்லடா' என்று முடித்துவிடுவதும் உதவாது. அவளிடம் ஆதாரம் இருக்கிறது: பாட்டில் தொலைந்தது, அம்மா அழுதாள். வெறும் மறுப்பால் அது அழியாது. அவளே சரிபார்க்கக்கூடிய வேறு ஆதாரத்தைக் கொடுங்கள்.

"பாட்டில் தொலைஞ்சது போன மாசம். தீபாவளிக்கு ஊருக்குப் போனோமே, அப்பவே அம்மா சரியா சாப்பிடல, சித்தி வீட்டுக்கும் வரல. ஞாபகம் இருக்கா? நோய் அப்பவே வந்திடுச்சு. பாட்டில் அதுக்கப்புறம்தான் தொலைஞ்சது."

எது முன்னால், எது பின்னால் என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். பேச்சில் வேறெதுவும் சரியாக வராமல் போனாலும் இந்த ஒன்று உள்ளே போய்விட்டால் பெரிய பாரம் இறங்கிவிடும்.

படி 5: சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்

"அம்மாவுக்கு டிப்ரஷன்னு ஒரு நோய் வந்திருக்கு. அது வந்தா உடம்புல தெம்பு இருக்காது. பிடிச்சது எதுவும் பிடிக்காது. அழுகை வரும், சின்ன விஷயத்துக்கும் கோவம் வரும். அது உன்னால வரல, என்னால வரல, அம்மா தப்பு பண்ணதாலயும் வரல. பக்கத்துல படுத்தா ஒட்டிக்காது. சரி பண்றது டாக்டரோட வேலை, உன்னோட வேலை இல்ல. அம்மா உன்கூட விளையாட வராதது தெம்பு இல்லாததால, உன்னைப் பிடிக்காம இல்ல."

இதை ஒரே மூச்சில் ஒப்பிக்காதீர்கள். ஒரு வாக்கியம் சொல்லி, நாலு காய் உரித்து, அடுத்ததற்குப் போங்கள். 'அம்மா சோகமா இருக்காங்க' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில் ஓர் ஆபத்து உண்டு. பென்சில் உடைந்தால் குழந்தையும்தான் சோகமாகிறது. தனக்கும் அந்த நோய் வந்துவிட்டது என்று நினைக்கும், இல்லையென்றால் ஜோக் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைக்க நாள் முழுக்கப் பாடுபடும். அம்மா சிரிக்காதபோது தோற்றது யார்?

மனதில் குரல் கேட்பது, யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்று நம்புவது போன்ற வேறு மனநோயாக இருந்தால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: "அம்மாவுக்கு அது நிஜமா கேக்குது, ஆனா நோயாலதான் கேக்குது. நீ அதை நம்பவும் வேணாம், சண்டை போடவும் வேணாம். பயமா இருந்தா எங்கிட்ட வந்துடு."

படி 6: நாளைக்கு என்ன நடக்கும்

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பிள்ளை 'அப்ப நாளைக்கு யாரு எனக்கு ஜடை போடுவாங்க?' என்று கேட்கலாம். மனம் இல்லாத பிள்ளை என்று நினைக்காதீர்கள். அதுதான் அதன் உண்மையான கேள்வி. வேன் வரும்போது யார் கீழே நிற்பார்கள், டப்பா யார் கட்டுவார்கள், ராத்திரி யார் பக்கத்தில் படுக்கலாம் என்று பெயர் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பற்றியும் இப்போதே சொல்ல வேண்டும். டிப்ரஷன் மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம், சிலருக்கு மாத்திரையை மாற்ற வேண்டியும் வரும். குழந்தையிடம் தேதி சொல்லாதீர்கள், காலண்டரில் வட்டம் போடாதீர்கள். "மெதுவாத்தான் சரியாகும். நடுவுல ஒரு நாள் நல்லா இருப்பாங்க, மறுநாள் திரும்பப் படுத்துப்பாங்க. நோய் அப்படித்தான் போகும்." இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அம்மா சிரித்துப் பேசிய நாளுக்கு அடுத்த நாள் குழந்தை மறுபடி தன் பாட்டில் கணக்கைத் திறந்துவிடும்.

படி 7: வெளியில் என்ன சொல்வது

'யார்கிட்டயும் சொல்லாதே' என்றால் இது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். யாரிடம் பேசலாம் என்று சொல்லிக்கொடுங்கள்: பாட்டி, சித்தி, கிளாஸ் மிஸ். மிஸ்ஸிடம் நீங்களும் முன்பே இரண்டு வரி சொல்லிவையுங்கள். மற்றவர்கள் கேட்டால், "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட போறாங்க" என்பது போதும். அது பொய்யும் இல்லை.

அம்மாவை நிம்ஹான்ஸுக்கு அழைத்துப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று உண்டு. இந்த ஊரில் அந்தப் பெயரைக் கேலிக்குப் பயன்படுத்துவார்கள், வேனில் மூன்றாம் வகுப்புப் பையன்கள் வாயிலிருந்துகூட அது வரும். அதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: மூளைக்கும் நரம்புக்கும் மனசுக்கும் வைத்தியம் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரி, வலிப்பு வந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள்கூட அங்கே போவார்கள் என்று.

'அம்மா செத்துப் போயிடுவாங்களா?'

கேட்டால் பதறாமல், "ஏன் அப்படித் தோணுது?" என்று முதலில் கேளுங்கள். சும்மா பயந்து கேட்கலாம், எதையாவது காதில் வாங்கியும் கேட்கலாம். சும்மா பயம் என்றால்: "டிப்ரஷன் வந்தவங்கள்ல நிறைய பேர் சரியாகிடறாங்க. அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்க நானும் டாக்டரும் இருக்கோம்." 'சத்தியமா ஒண்ணும் ஆகாது' என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

'அம்மா செத்துப் போறேன்னு சொன்னாங்க' என்று பிள்ளை சொன்னால், அதோடு குழந்தைப் பேச்சு முடிந்து வேறு வேலை தொடங்குகிறது. "நீ சொன்னது ரொம்ப நல்லது, இனி நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மாத்திரைகளை உங்கள் கைவசம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். எந்த நிலையிலும் 'அம்மாவைப் பாத்துக்கோ' என்று குழந்தையைக் காவலுக்கு வைக்காதீர்கள். அம்மா அப்படி ஏதாவது சொன்னால் உங்களிடம் வந்து சொல்லலாம், சொன்னதற்கு யாரும் திட்ட மாட்டார்கள் என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருக்கட்டும்.

பேச்சு உள்ளே போனதா என்று எப்படித் தெரியும்?

அடுத்த சில நாட்களில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தால் நல்ல அறிகுறி. அதே பதிலை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். நான் அதிகம் கவலைப்படுவது திடீரென்று ரொம்ப நல்ல பிள்ளையாகிவிடும் குழந்தையைப் பார்த்துத்தான். அடம் இல்லை, சத்தம் இல்லை, தானே சாப்பிட்டுத் தானே தட்டைக் கழுவிவைக்கிறது. பாட்டி அதைப் புகழ்ந்துகொண்டிருப்பார். ராத்திரி எழுந்து அம்மா மூச்சுவிடுகிறாளா என்று பார்ப்பது, பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்று வலி, நின்றிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் வருவது, இவையும் அதே கணக்கில் சேரும்.

இவை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் படி 4-க்குத் திரும்பி மறுபடி கேளுங்கள், ஒருவேளை இன்னொரு பாட்டில் கதை உள்ளே இருக்கலாம். அப்படியும் மாறவில்லை என்றால் பள்ளி ஆலோசகரிடமோ, நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்றே இருக்கும் மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். கிளம்பும் முன், 'உனக்கும் அம்மா நோய் வந்ததால கூட்டிட்டுப் போகல, உன் மனசுல இருக்கறதைப் பேசறதுக்குத்தான்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.