முட்டி ஆபரேஷனுக்குப் பின் வீட்டுப் பயிற்சிச் சீட்டு: எங்கே தவறுகிறோம்?

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து 18ஆம் நாள் வந்த ஓர் அம்மாவுக்கு நான் எழுதிய குறிப்பு இது: "வலது டி.கே.ஆர். க்யூ.எஸ். 3x10, எஸ்.எல்.ஆர். 2x10 (7ஆவதிலிருந்து லேக்), ஹீல் ஸ்லைடு 2x10. வலி 3, முடிவில் 5." அடுத்து பார்க்கப்போகும் பிசியோவுக்கு இது போதும். இதையே அப்படியே பெயர்த்தெழுதி வீட்டுக்குக் கொடுத்தால்தான் வம்பு.

நான் அதிகம் பார்க்கும் தவறு, கிளினிக்கில் செய்த எண்ணிக்கையையே வீட்டுக்கும் எழுதுவது. மேலே இருக்கும் எஸ்.எல்.ஆரைப் பாருங்கள். மல்லாந்து படுத்து, இடது முட்டியை மடக்கி வைத்து, வலது காலை நேராகத் தூக்க வேண்டும். அந்த அம்மா ஆறு முறை நன்றாகத் தூக்கினார். ஏழாவதில் முட்டி லேசாக மடங்கத் தொடங்கியது. தொடையின் முன்பக்கத் தசை களைத்துவிட்டது என்று அர்த்தம். குறிப்பில் லேக் என்று எழுதியது இதைத்தான். மிச்ச நான்கும் நான் குதிகாலுக்கு அடியில் கை கொடுத்ததால் நடந்தவை. வீட்டில் அந்தக் கை கிடையாது. பத்து என்று எழுதினால் அவர் முட்டி மடங்கிய காலையே தூக்கிப் பழகுவார், இல்லாவிட்டால் இடுப்பை எக்கித் தூக்குவார். அதனால் சீட்டில் போக வேண்டிய எண் ஆறு. ஆறு முறை தூக்கி, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி ஆறு முறை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. முட்டி மடங்கினால் எண்ணிக்கை முடியாவிட்டாலும் அந்தச் சுற்றை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும்.

அப்புறம் அந்த "3x10". மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து முறை என்று அர்த்தம். ஒருமுறை இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். நோயாளியின் மகள் அதை ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடம் என்று புரிந்துகொண்டு, அக்கறையோடு செய்ய வைத்திருக்கிறார். நான்காம் நாள் முட்டி வீங்கி வந்தார்கள். தப்பு என் சீட்டில்தான். இப்போது எத்தனை முறை, எத்தனை சுற்று, எத்தனை வேளை, எத்தனை நொடி பிடிக்க வேண்டும், எந்தக் கால் என்று எல்லாவற்றையும் சொற்களிலேயே எழுதுகிறேன். க்யூ.எஸ். என்பது "வலது காலை நீட்டி, முட்டியைக் கட்டிலோடு அழுத்தி, 5 எண்ணும்வரை தொடையை இறுக்கவும்" என்று மாறிவிடும். இடத்தையும் எழுதுங்கள். சொல்லாவிட்டால் தரையில் பாய் விரித்துவிடுவார்கள், 18ஆம் நாளில் தரையிலிருந்து எழுவது பெரும்பாடு. ஓய்வெடுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது என்பதும் சீட்டில் இருக்கட்டும். வைத்தால் இதமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிப்போகும்.

எச்சரிக்கைப் பகுதியில் "வலித்தால் நிறுத்தவும்" என்று ஒரே வரி எழுதுவது ஆபத்து. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்காத பயிற்சி அபூர்வம். பயந்தவர் முதல் நாளே நிறுத்திவிடுவார், தைரியசாலி எதற்குமே நிறுத்த மாட்டார். அதனால் வலியைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பத்துக்கு ஐந்துவரை வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலியோ வீக்கமோ கூடுதலாக இருந்தால் அன்றைக்குப் பாதி எண்ணிக்கை போதும்.

இதற்கு வெளியே நிற்பவை வேறு வகை. கெண்டைக்கால் புதிதாக வலித்தாலோ வீங்கினாலோ சூடாக இருந்தாலோ ரத்தக்கட்டி உண்டாகியிருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம் வீடுகளில் கெண்டைக்கால் வலி என்றதும் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார்கள். "நீவக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். தையல் போட்ட இடத்தில் நீரோ சீழோ கசிந்தாலும், சிவந்து சூடேறினாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே போக வேண்டும். திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ 108ஐ அழைக்க வேண்டும், எங்களுக்குப் போன் செய்து காத்திருக்கக் கூடாது. இந்த மூன்றாவது வகையைச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் போடாதீர்கள், மேலே போடுங்கள்.

சீட்டை எழுதி முடித்ததும் அந்த அம்மாவிடமே கொடுத்து, நான் வாய் திறக்காமல், படித்துச் செய்துகாட்டச் சொன்னேன். "5 எண்ணும்வரை" என்ற வரிக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணினார். அவருக்கு ரத்த அழுத்தம் வேறு உண்டு. சீட்டை வாங்கி "சத்தமாக எண்ணவும்" என்று சேர்த்துக் கொடுத்தேன்.