தையல் புத்தகம் வாங்கும் முன் ஒரு பக்கம் பாருங்கள்

அழகான அட்டையை விடுங்கள். மேல்சட்டை வெட்டும் படத்தைத் திறந்து, தையலுக்கு விடும் துணி அளவில் சேர்ந்ததா, தனியா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மார்பு 36 அங்குலம் என்றால் கால் பாகம் 9. தளர்வுக்கு அரை சேர்த்து படத்தில் 9½ என்று இருக்கும். அதையே வெட்டி, பக்கத் தையலில் அரை அங்குலம் பிடித்தால் நான்கு ஓரத்திலும் சேர்த்து 2 அங்குலம் போய்விடும். 38 வரவேண்டிய சட்டை 36-இல் நின்று, மூச்சு விட்டாலே இழுக்கும். (என் முதல் சட்டை இப்போது தலையணை உறை!)

பின்னல் புத்தகமானால், 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று சொல்லியிருக்க வேண்டும். எம்பிராய்டரிக்கு, ஊசி துணியின் அடியில் போகும் வழியும் படத்தில் தெரிந்தால் போதும்.