வாக்காளர் அட்டையில் பெயர், முகவரி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாக்காளர் அட்டையில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் வாக்காளர் பட்டியலில் உங்களுக்கென இருக்கும் ஒரு வரியிலிருந்து எடுத்து அச்சிடப்பட்டது. திருத்தம் நடப்பது அந்த வரியில். அது மாறினால்தான் அட்டை மாறும். அதனால் கையில் இருக்கும் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பிக்க உட்காருவதே முதல் தவறு. முதலில் electoralsearch.eci.gov.in தளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்து, பட்டியலில் உங்கள் பெயர் இன்று எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணில் மூன்று எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். சிலரிடம் TN என்று தொடங்கி இடையிடையே சாய்கோடு போட்ட பழைய எண் உள்ள அட்டை இருக்கும். அவர்கள் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, தொகுதி ஆகியவற்றைக் கொடுத்துத் தேடினால் புதிய எண் கிடைக்கும்.

தேடியும் பெயர் வரவில்லை என்றால், திருத்தத்துக்கான படிவம் 8 உதவாது. இல்லாத வரியைத் திருத்த முடியாது. தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிர திருத்தத்துக்குப் பிறகு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய வீட்டில் ஆள் இல்லை, குடிபெயர்ந்துவிட்டார் என்ற காரணத்துக்காகவே பலரின் பெயர்கள் பட்டியலில் இல்லாமல் போயின. அட்டை பத்திரமாகக் கையில் இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. அவர்கள் படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேர வேண்டும்.

பெயர் இருக்கிறது என்றால் படிவம் 8. முன்பு ஒரே தொகுதிக்குள் வீடு மாறியவர்களுக்கு 8ஏ என்று தனிப் படிவம் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் அது கிடையாது. இப்போது படிவம் 8 நான்கு வேலைகளுக்குப் பொதுவானது: இருப்பிட மாற்றம், பதிவில் திருத்தம், திருத்தமில்லாத மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு. இதில் ஏதேனும் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான சிக்கல்கள் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

வீடு மாறியவர்கள் பலர் "முகவரியைத்தானே மாற்றுகிறோம்" என்று எண்ணி, Correction of Entries in Existing Electoral Roll என்பதைத் தேர்ந்தெடுத்து அதில் முகவரியை டிக் செய்கிறார்கள். அந்தப் பகுதி, அதே வீட்டில் இருந்துகொண்டே கதவு எண் தவறாகவோ தெருப் பெயர் பிழையாகவோ பதிவானவர்களுக்கு உரியது. ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போனால்கூட Shifting of Residence என்பதுதான் சரி. பட்டியல், பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பாகமும் ஒரு வாக்குச்சாவடிக்கு உரியது. இருப்பிட மாற்றம் என்று கேட்டால்தான் உங்கள் பெயர் பழைய பாகத்திலிருந்து நீங்கிப் புதிய பாகத்தில் ஏறும். திருத்தம் என்று கேட்டால் விண்ணப்பம் பழைய பாகத்துக்கே போகும். பழைய பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருவார், நீங்கள் அங்கே இல்லை என்று எழுதுவார். விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதோடு நில்லாமல், அங்கே வசிக்கவில்லை என்ற அந்தக் குறிப்பே பின்னால் பெயர் நீக்கத்துக்கும் காரணமாகலாம்.

இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிராகச் செய்கிறது. புது ஊருக்கு வந்ததும், பழைய ஊரில் பெயர் இருக்கும்போதே, படிவம் 6 கொடுத்துப் புதிய அட்டை வாங்கிவிடுகிறது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியிலோ, ஒரே தொகுதியில் இரண்டு முறையோ பதிவு செய்துகொள்வதை 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அனுமதிப்பதில்லை. படிவத்தின் உறுதிமொழியில் பொய்யான தகவல் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. தொகுதியோ மாவட்டமோ மாறினாலும் அட்டை எண் மாற வேண்டியதில்லை. அதே எண் கூடவே வரும்.

ஒரு கற்பனை உதாரணத்தில் வரிசையைப் பார்த்துவிடலாம். மதுரை கிழக்குத் தொகுதியில் பதிவான ஒரு பெண் திருமணமாகிச் சென்னை வேளச்சேரிக்குக் குடிவந்திருக்கிறார். அட்டையில் பெயர் 'Kavita', ஆதாரில் 'Kavitha'. தமிழில் 'கவித' என்று கால் விடுபட்டிருக்கிறது. அவருக்குத் தேவை இரண்டு: முகவரி மாற வேண்டும், பெயர்ப் பிழை நீங்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் முடிக்க முடியாது. முதலில் voters.eci.gov.in தளத்தில் படிவம் 8 எடுத்து இருப்பிட மாற்றம், தொகுதிக்கு வெளியே என்று தேர்ந்தெடுத்து, வேளச்சேரி முகவரியைக் கொடுக்க வேண்டும். அது ஏற்கப்பட்டுப் பெயர் வேளச்சேரிப் பட்டியலில் வந்த பிறகு, இரண்டாவது படிவம் 8 எடுத்துப் பெயர்த் திருத்தம் கேட்க வேண்டும். வரிசையை மாற்றினால் பெயர்த் திருத்தம் மதுரைக்குப் போகும், விசாரணையும் அங்கேதான் நடக்கும். தந்தை பெயர் இருந்த இடத்தில் கணவர் பெயர் வந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தந்தை பெயரே இருக்கட்டும் என்று அவர் விட்டுவிடலாம். மாற்ற விரும்பினால், இரண்டாவது விண்ணப்பத்தில் உறவு முறை, உறவினர் பெயர் ஆகிய இரண்டையும் சேர்த்து டிக் செய்ய வேண்டும். பெயரை மட்டும் மாற்றி உறவு முறையை விட்டுவிட்டால், அட்டையில் கணவர் பெயர் 'தந்தை' என்ற தலைப்பின் கீழ் அச்சாகி வரும்.

முகவரிக்கு அவர் தரக்கூடிய சான்றுகள்: புது முகவரி உள்ள ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், பதிவு செய்த கிரயப் பத்திரம், மின்சாரம், குடிநீர் அல்லது எரிவாயு இணைப்பின் ரசீது. வாடகை வீட்டுக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதி, பதிவு செய்யாமல் வைத்திருக்கும் ஒப்பந்தம் இந்தப் பட்டியலில் வராது. மின் ரசீதோ வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். அதனால் வங்கிப் பாஸ்புக்கிலோ ஆதாரிலோ முகவரியை முதலில் மாற்றிக்கொண்டு வருவதே சுலபமான வழி.

பெயர்த் திருத்தத்தில் பலரும் கவனிக்காத விஷயம், பட்டியலில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக இருக்கிறது என்பது. தளத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் பக்கத்துப் பெட்டியில் தமிழ் தானாகவே வந்து விழும். நெடிலைக் குறிலாக்கும், 'ழ'வை 'ல' ஆக்கும், 'ந'வுக்கு 'ன' போடும். அந்தப் பெட்டியில் எழுத்துகளை நீங்களே மாற்றலாம். அதைப் பார்க்காமல் சமர்ப்பித்தால், ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொரு பிழையோடு புது அட்டை வரும். இ-சேவை மையத்தில் கொடுத்துச் செய்பவர்கள், சமர்ப்பிப்பதற்கு முன் காட்டப்படும் முன்னோட்டத்தில் இரண்டு மொழிப் பெயர்களையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இனிஷியலும் தனித் தொல்லை. அட்டையில் 'கவிதா', உறவினர் பெயர் 'முருகேசன்'. ஆதாரில் 'Kavitha M'. பான் அட்டையில் 'Kavitha Murugesan'. இவை மூன்றும் ஒருவரே என்று மனிதருக்குப் புரியும், கணினி ஒப்பிடும்போது புரியாது. எந்த வடிவம் உங்கள் பெரும்பாலான ஆவணங்களில் இருக்கிறதோ, அதையே திருத்த விண்ணப்பத்திலும் கேளுங்கள். கேட்கும் எழுத்துகள் அப்படியே இருக்கும் ஒரு சான்றை இணையுங்கள். சான்றில் 'Kavitha M' என்று இருக்க, விண்ணப்பத்தில் 'M Kavitha' என்று எழுதுவது வீணான கேள்விக்கு வழிவிடும். எழுத்துப்பிழையைத் திருத்த இவ்வளவு போதும். பெயரையே முழுதாக மாற்றிக்கொண்டவர்கள் முதலில் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, அந்தப் பக்கத்தை இணைப்பதுதான் பாதுகாப்பு.

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ஆதார் ஓ.டி.பி. மூலம் மின்கையொப்பம் கேட்கப்படுகிறது. ஆதாரோடு கைபேசி எண் இணைந்திருக்க வேண்டும், ஆதாரிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். பெயர் ஒத்துப்போகவில்லை என்பதற்காகவே திருத்தம் கேட்பவர்கள் இதில் மாட்டிக்கொள்ளக்கூடும். மாட்டினால் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். அச்சிட்ட படிவம் 8ஐ நிரப்பி, சான்றின் நகலோடு உங்கள் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவிலோ கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. அலுவலர் யார் என்று தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம்.

கொடுத்த பின் மறந்துவிடுவதும் தவறுதான். குறிப்பு எண்ணை வைத்து நிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கள விசாரணைக்கு வரும் அலுவலர் தொலைபேசியில் அழைப்பார். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டால் 'ஆள் இல்லை' என்று முடியக்கூடும். தேர்தல் நெருங்கியிருந்தால் இன்னொரு எல்லையும் உண்டு: வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாள் கடந்துவிட்டால், அந்தத் தேர்தல் முடியும்வரை அந்தத் தொகுதிப் பட்டியலில் எந்த மாற்றமும் செய்ய முடியாது. நிராகரித்தால் காரணத்தைப் பார்த்துவிட்டு 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆவணக் குறைதான் காரணம் என்றால், சரியான சான்றோடு மறுபடி விண்ணப்பிப்பதே சீக்கிரம் முடியும்.

திருத்திய அட்டை எங்கெல்லாம் செல்லும் என்பதிலும் தவறான எண்ணங்கள் இருக்கின்றன. வங்கிக் கணக்குக்கு ரிசர்வ் வங்கி ஏற்கும் அதிகாரப்பூர்வ ஆவணங்களில் வாக்காளர் அட்டையும் ஒன்று. ஆனால் அதில் பழைய முகவரி இருந்தால், இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின், தொலைபேசி அல்லது குடிநீர் ரசீதையோ சொத்துவரி ரசீதையோ கொடுத்துத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். மூன்று மாதத்துக்குள் புது முகவரியுள்ள அதிகாரப்பூர்வ ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். ஆதாரில் முகவரி மாற்றவும், பாஸ்போர்ட்டுக்கு முகவரிச் சான்றாகவும் இந்த அட்டை செல்லும். ரயிலில் அடையாளமாகக் காட்டலாம், ஆனால் நகலைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். விமான நிலையத்தில் டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் பாஸ்போர்ட் இல்லாமல் போகும் இந்தியர்களுக்கு இந்த அட்டைதான் துணை. ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பினால் திரும்பி வர நேரலாம்.

பிறந்த தேதிக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். வாக்காளர் பதிவைத் தவிர வேறெதற்கும் இதிலுள்ள பிறந்த தேதியை வயதுச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்று அட்டையின் பின்புறத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

வாக்குச்சாவடியில் நிலைமை வேறு. பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதற்காக அங்கே யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. ஆள் இன்னார் என்று தெரிந்தால், அட்டையிலுள்ள சிறு பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். வேறு தொகுதியில் வாங்கிய பழைய அட்டையும், இந்தச் சாவடியின் பட்டியலில் பெயர் இருந்தால் செல்லும். அட்டையிலுள்ள புகைப்படம் பொருந்தாதபோது ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் போன்றவற்றில் ஒன்றைக் காட்டலாம். வீட்டுக்கு வந்து கொடுக்கும் வாக்காளர் தகவல் சீட்டு மட்டும் 2019 முதல் அடையாள ஆவணமாக ஏற்கப்படுவதில்லை. பாகம் எண், வரிசை எண் கண்டுபிடிக்க மட்டுமே அது.